ஆங்கிலம் சரியாக வராது, வயரிங் வேலையில் நிலைக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு மின் வயரிங், பழுதுபார்ப்பு வேலைகளுக்கு வர நினைப்பவர்களும், ஏற்கெனவே உதவியாளராக இருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டியவை.

“இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வயரிங் வேலையில் அது எங்கே இடிக்கும்?”

மூன்று இடங்களில் இடிக்கும். மூன்றையும் சில வாரங்களில் சரிசெய்துகொள்ளலாம்.

முதலாவது, பொருள்களின் மேல் அச்சிட்டிருக்கும் குறிகள். மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்தான் எம்சிபி. அதில் ‘சி 20’ என்று இருந்தால், 20 என்பது அது தாங்கும் ஆம்பியர். முன்னால் உள்ள ‘சி’ அது எந்த வேகத்தில் விழும் என்பதற்கான வகை. மின்கசிவு வந்தால் விழும் சுவிட்சான ஆர்சிசிபியில் 30 மில்லி ஆம்பியர் என்று இருப்பது, எவ்வளவு கசிவுக்கு அது கட்டாயம் விழ வேண்டும் என்பதற்கான அளவு. பிளக்கில் எல், என், ஈ ஆகிய மூன்றும் முறையே ஃபேஸ், நியூட்ரல், எர்த். இப்படி ஒரு வீட்டு வேலைக்குத் தேவையான குறிகளும் சொற்களும் நூற்றைத் தாண்டாது. இவற்றைப் படமாகப் பார்த்துப் பழக வேண்டும். இதற்கு இலக்கணம் தேவையில்லை.

இரண்டாவது, கடையில் எழுதிக்கொடுக்கும் பொருள் பட்டியல். தமிழிலேயே எழுதலாம், கடைக்காரர் அதை வாங்கிக்கொள்வார். ஆனால் “வயர் இரண்டு சுருள்” என்று எழுதினால் போதாது. “1.5 ஸ்கொயர் எம்எம், சிவப்பு, 90 மீட்டர் சுருள் இரண்டு” என்று எழுத வேண்டும். அளவு, நிறம், நீளம் மூன்றும் இருந்தால் எந்த மொழியில் எழுதினாலும் சரியான பொருள் வரும்.

மூன்றாவது, பெரிய நிறுவனங்களின் பராமரிப்புப் பதிவேடு. அங்கே ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். தொடக்கத்தில் வீடு, கடை, சிறு பட்டறை வேலைகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

“எட்டாவதோடு நிறுத்திவிட்டேன். ஐடிஐயில் இடம் கிடைக்குமா? பாடம் எல்லாம் இங்கிலீஷிலா?”

கிடைக்கும். ஐடிஐயில் ‘வயர்மேன்’ பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ‘எலக்ட்ரீஷியன்’ பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். இரண்டுமே இரண்டாண்டுப் படிப்புகள். விண்ணப்பம் skilltraining.tn.gov.in தளத்தில் ஆண்டுக்கு ஒரு முறை திறக்கும். பக்கத்து அரசு ஐடிஐக்கு நேரே போனால் அங்கேயே விண்ணப்பிக்க உதவுவார்கள். அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்துப் பயண அட்டையும் உண்டு.

வகுப்பில் பயிற்றுநர் தமிழில்தான் விளக்குவார். கருவிப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும், அவை எப்படியும் பட்டறையில் எல்லோரும் சொல்லும் பெயர்களே. சென்னை கிண்டியில் உள்ள ‘நிமி’ என்ற மத்திய அரசு நிறுவனம் ஐடிஐ பாடநூல்களை வெளியிடுகிறது. அவற்றில் தமிழ்ப் பதிப்புகளும் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே தமிழ்ப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பலர் ஆங்கில நூலை வைத்துக்கொண்டு முதல் ஆறு மாதத்தை வீணடிக்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகையோடு வேலை பழகலாம், முடிவில் தனிச் சான்றிதழும் கிடைக்கும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள், பின்னால் நல்ல நிறுவனம் ஒன்று அனுபவச் சான்று கேட்கும்போது திண்டாடுகிறார்கள்.

“எனக்கு 34 வயசு. பத்து வருஷமா வயரிங் வேலைதான். கையில ஒரு சர்டிபிகேட்டும் இல்லை. இனிமேல் வழி இருக்கா?”

உங்களுக்காகவே ஒரு தேர்வு இருக்கிறது. ‘மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு’ என்று அதற்குப் பெயர். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல் வயது வரம்பு இல்லை. மின் ஒயரிங் வேலையில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். அறிவிப்பு வரும் நாளைத் தெரிந்துகொள்ள, அரசு ஐடிஐயிலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ விசாரித்து வையுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழுவது தேர்வில் அல்ல, அனுபவச் சான்றில்தான். பத்து ஆண்டு வேலை செய்திருப்பார்கள். ஆனால் நான்கைந்து பேரிடம் மாறி மாறிச் செய்ததால் ஒருவரும் எழுதித் தர முன்வர மாட்டார். ஆகவே உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தொடர்ந்து வேலை செய்யுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறித்து, உரிம எண்ணோடு, முத்திரையிட்டு வாங்கி வையுங்கள்.

தேர்வில் கிடைக்கும் தகுதிச் சான்றின் மதிப்பு எங்கே தெரியும் என்றால், புதிய வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கும்போது. வயரிங் முடிந்தது, சோதித்தாயிற்று என்ற அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் கையெழுத்திட வேண்டும். உரிமம் இல்லாதவர் முழு வீட்டையும் வயரிங் செய்து முடித்தாலும், கடைசியில் ஒரு கையெழுத்துக்காக இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். தகுதிச் சான்று வைத்திருப்பவரை ஒப்பந்தக்காரர்கள் தங்களிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புவார்கள். நாள் கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாற இது ஒரு வாசல்.

கூடவே, 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். மின் வேலையும் அந்தப் பட்டியலில் உண்டு. விபத்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை கிடைக்கும்.

“உதவியாளாகச் சேர்ந்திருக்கேன். சுவர் வெட்டவும் பைப் தூக்கவும் மட்டும்தான் விடுறாங்க. முதல்ல எதைக் கத்துக்கணும்?”

வயருக்கும் எம்சிபிக்கும் உள்ள பொருத்தத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் இருபது ஆண்டு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

வீடுகளில் பெரும்பாலும் வருவது மூன்று அளவு. விளக்கு, ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி, 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி. கீசர், இஸ்திரி போடும் 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 கம்பி, 16 ஆம்பியர் எம்சிபி. ஒன்றரை டன் ஏசிக்கு 4 கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி. ஒரு விளக்கு லைனில் பத்துப் பாயின்டுக்கு மேல் ஏற்றக் கூடாது.

எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் கம்பியை. இதை மறந்துவிட்டு, அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியரை மாட்டுவார்கள். எம்சிபி விழுவது நிற்கும். ஆனால் 2.5 கம்பியில் அதன் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடும். பூச்சுக்குள் கம்பி சூடாகி, மேலுறை கருகி, ஒரு நாள் தீப்பிடிக்கும். சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தாலோ, கம்பி முனை பழுப்பாகி விறைத்திருந்தாலோ, முதலில் எம்சிபியின் அளவைப் பாருங்கள். அடுத்து அந்த இணைப்பில் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த திருகும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவதாக, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரைப் பிடிக்கப் பழகுங்கள். ஒரு பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால், “ரெண்டு பக்கமும் கரன்ட் வருது” என்று புதியவர்கள் திகைப்பார்கள். பெரும்பாலும் அங்கே நியூட்ரல் அறுந்திருக்கும். அந்த லைனில் எங்கோ போட்டிருக்கும் விளக்கின் வழியாக ஃபேஸ் சுற்றி வந்து நியூட்ரல் ஓட்டையிலும் எரிகிறது. மல்டிமீட்டரை இரண்டு ஓட்டைக்கும் நடுவே வைத்தால் 230 வோல்ட் காட்டாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் காட்டும். இந்த இரண்டு அளவீட்டில் விஷயம் தெளிவாகிவிடும்.

சொந்தமாக வாங்க வேண்டிய கருவிகள் குறைவு. காப்புறை போட்ட கட்டிங் பிளேயர், கம்பி உரிப்பான், இரண்டு திருப்புளி, டெஸ்டர், மல்டிமீட்டர். கம்பியின் மேலுறை கசிகிறதா என்று சோதிக்கும் மெகரை இரண்டாம் ஆண்டில் வாங்கினால் போதும்.

“பழுது பார்க்கப் போனா வீட்டுக்காரர் ஏதேதோ சொல்றார். அதுல எதை எடுத்துக்கறது?”

இங்கேதான் நீங்கள் பேசும் தமிழ் காசாக மாறுகிறது. பழுதின் பாதி விடை வீட்டிலிருப்பவர் வாயில் இருக்கும். அதை வரவழைக்கத் தெரிந்தவருக்குச் சுவரை உடைக்க வேண்டிய வேலை குறையும். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எப்போதிலிருந்து இப்படி? என்ன செய்யும்போது விழுகிறது? அதற்கு முன்னால் புதிதாக எதையாவது மாட்டினீர்களா, மழை பெய்ததா, வெள்ளையடித்தீர்களா?

ஒரு பழுதை முழுதாகப் பார்ப்போம். ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு வீட்டம்மா கூப்பிடுகிறார். “என்னம்மா பண்ணும்போது விழுது?” என்று கேட்டால், “மிக்சி போட்டா விழுது, மோட்டார் போட்டா விழுது. மிக்சியை மாத்தியாச்சு, அப்பவும் விழுது” என்கிறார். “கீசர் இருக்கா?” “இருக்கு, ஆனா வெயில் காலம்னு சுவிட்ச் போடுறதே இல்லை. எம்சிபியையும் இறக்கி வெச்சிருக்கோம்.”

புதியவர் இதைக் கேட்டதும் கீசரை விட்டுவிட்டு மோட்டார் பக்கம் ஓடுவார். பழகியவர் கீசரைத்தான் முதலில் பார்ப்பார். பெரும்பாலான வீடுகளில் எம்சிபியும் சுவிட்சும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் கம்பி கீசருக்குள் இருக்கும் எலிமென்ட் வரை இணைந்தே இருக்கும். உப்புத் தண்ணீரில் எலிமென்டின் மேலுறை அரித்து ஓட்டை விழுந்தால், நியூட்ரல் தண்ணீர் வழியாகவும் உலோகத் தொட்டி வழியாகவும் எர்த்தைத் தொடும்.

ஆர்சிசிபி செய்வது ஒன்றுதான். ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். மிக்சியையோ மோட்டாரையோ போடும்போது திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி, கீசர் வழியாக எர்த்துக்குப் பிரிந்து போகிறது. ஆர்சிசிபியில் கணக்கு குறைகிறது, விழுந்துவிடுகிறது. சின்ன எல்இடி விளக்குக்கு விழாமல், அதிக மின்சாரம் இழுக்கும் பொருளுக்கு மட்டும் விழுவதும் இதனால்தான்.

உறுதி செய்யும் வரிசை இது. மெயினை இறக்குங்கள். மல்டிமீட்டரால் பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் போன்ற எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். மெகர் 500 வோல்ட் அனுப்பும் என்பதால் எலெக்ட்ரானிக் பொருள்கள் இணைப்பில் இருந்தால் கெட்டுவிடும். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில் நியூட்ரல் பட்டையிலிருந்து கீசர் லைனின் நியூட்ரலை மட்டும் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே மெகரை வைக்கவும். நல்ல லைன் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். இந்த வீட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கும். இப்போது கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறிவிட்டால் சுவருக்குள் உள்ள கம்பி நன்றாக இருக்கிறது, பழுது கீசரில். எலிமென்டை மாற்றினால் வேலை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கியும் பூஜ்யமே காட்டினால்தான் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டம்மாவிடம் கிளம்புமுன் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: “கீசர் ஆஃப்ல இருந்தாலும் அதோட நியூட்ரல் உள்ள எர்த்தைத் தொட்டுட்டு இருந்தது, அதனாலதான் மத்ததைப் போட்டா விழுந்தது. எலிமென்ட் மாத்தியாச்சு.” கூலியைப் பற்றிய பேரம் இந்த விளக்கத்துக்குப் பிறகு குறையும், அடுத்த தெருவுக்கும் உங்கள் எண்ணைக் கொடுப்பார்.

“ஆர்சிசிபி தொல்லை தாங்கலை, எடுத்துட்டு நேரா கொடுத்திடுங்கன்னு வீட்டுக்காரர் கேட்கிறார். செய்யலாமா?”

செய்யவே கூடாது. மேலே சொன்ன வீட்டில் அப்படிச் செய்திருந்தால் மிக்சி ஓடும், மோட்டார் ஓடும், எல்லோருக்கும் நிம்மதி. அதே எலிமென்டில் அரிப்பு ஃபேஸ் பக்கத்துக்கு நகர்ந்து, அந்த வீட்டில் எர்த்தும் சரியில்லை என்றால், குளிக்கப் போனவர் தண்ணீர்க் குழாயைத் தொட்டதும் உயிர் போகலாம். எம்சிபி அதைத் தடுக்காது. ஒரு மனிதரைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும், எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

“நேரா கொடுத்தா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டு ஆளுக்குத்தாங்க ஆகும். ஒரு மணி நேரம் கொடுங்க, எந்த லைன்னு கண்டுபிடிச்சுத் தரேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஏற்காவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். பழுதை உடனே சரிசெய்ய முடியாவிட்டால், அந்த ஒரு லைனின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றி ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஆர்சிசிபி வழியாகவே ஓடவிடலாம்.

“பாயின்ட் கணக்குல பேசறதா, நாள் கூலியா? பேசும்போதே ஏமாந்துடறேன்.”

பழுது வேலைக்கு நேரக் கணக்கு, புது வீட்டுக்குப் பாயின்ட் கணக்கு என்பது வழக்கம். ஏமாற்றம் வருவது பாயின்டின் விலையில் என்று நினைக்கிறோம். உண்மையில் எது ஒரு பாயின்ட் என்று பேசாமல் விடுவதில்தான் வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு, இரண்டு படுக்கையறை வீடு ஒன்றில் 64 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். பாயின்டுக்கு 350 ரூபாய் என்றால் 22,400 ரூபாய். இப்போது உங்கள் பக்கக் கணக்கைப் போடுங்கள். உங்களுக்கு நாளைக்கு 1,200, உதவியாளுக்கு 700, இருவரும் சேர்ந்து 14 நாள் என்றால் 26,600 ரூபாய் ஆகும். ஒப்பந்தம் எடுத்ததாலேயே 4,200 ரூபாய் நட்டம். அந்த 64இல் 8 பாயின்ட் ஏசி, கீசர் போன்ற பவர் பாயின்ட் என்றால், அவை ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ண வேண்டும் என்று முதலிலேயே பேசியிருந்தால் 72 பாயின்ட், 25,200 ரூபாய். அப்போதும் கூலிக்கு எட்டவில்லை. ஆக 72 பாயின்ட் கணக்கில் இந்த வீட்டுக்கு 370 என்பது கை நட்டமில்லாத விலை, 450 என்றால்தான் கொஞ்சமாவது மிஞ்சும். ஊருக்கு ஊர் விலை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பேசியதை ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சுவர் வெட்டுவது யார், வெட்டிய இடத்தைப் பூசுவது யார், பொருள் யார் வாங்குவது, டிபி பெட்டி இணைப்பும் எர்த் குழியும் பாயின்டில் சேருமா தனியா என்று அதில் இருக்க வேண்டும். பணத்தை வேலையின் கட்டத்தோடு பிணையுங்கள். மேல்தளக் கான்கிரீட்டுக்கு முன் பைப் போட்டதும் ஒரு பகுதி, சுவரில் பைப்பும் பெட்டியும் பதித்ததும் ஒரு பகுதி, கம்பி இழுத்ததும் ஒரு பகுதி, சுவிட்ச் மாட்டிச் சோதித்ததும் மீதி. கடைசிக் கட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்க விடாதீர்கள். வீடு குடிபோகும் நேரத்தில் எல்லோருக்கும் கை இறுகிவிடும், அப்போது நிற்கும் தொகைதான் வராமல் போகும்.

“மின்வாரிய வேலைக்கு இங்கிலீஷ் தேவையா?”

கள உதவியாளர் பணிக்கு எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற பிரிவில் ஐடிஐ சான்று கேட்கிறார்கள். 2025இல் இந்தப் பணியிடங்களை டிஎன்பிஎஸ்சி தன் தொழில்நுட்பத் தேர்வு வழியாக அறிவித்தது. அந்தத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதிப் பகுதி உண்டு. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நன்றாக வருபவர்கள் பலர் இதைத் துச்சமாக நினைத்து, இலக்கணம் படிக்காமல் போய்க் கோட்டை விடுகிறார்கள். பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஆனால் இந்த அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதையே நம்பி ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருந்தால் கைப்பழக்கமும் போய்விடும்.

“வளைகுடாவுக்குப் போக இங்கிலீஷ் இல்லாம முடியுமா?”

எலக்ட்ரீஷியனாகப் போவதற்குக் கையால் செய்து காட்டும் சோதனைதான் முக்கியம். பலகையில் பைப் பொருத்தி, கம்பி இழுத்து, ஸ்டார்ட்டர் இணைப்புக் கொடுக்கச் சொல்வார்கள். கேள்விகள் கருவிப் பெயர், கம்பி அளவு, எர்த் எதற்கு என்ற அளவில் இருக்கும். மேற்பார்வையாளராக உயரத்தான் ஆங்கிலம் குறுக்கே நிற்கும்.

மொழியைவிடக் கவனிக்க வேண்டியது முகவரை. மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் பணியின் பெயர் ‘எலக்ட்ரீஷியன்’ என்று இருக்கிறதா, ‘லேபர்’ என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ‘லேபர்’ என்று கையெழுத்திட்டுப் போனவருக்கு அங்கே போய்த் தொழில் தெரியும் என்று சொல்லிப் பயனில்லை, சம்பளம் தாளில் உள்ளபடிதான். படிக்கத் தெரியாவிட்டால், கையெழுத்திடுமுன் ஊரில் ஆசிரியர் ஒருவரிடமோ வங்கி ஊழியரிடமோ கொடுத்து வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேளுங்கள்.